சிரிப்பு ஒரு பதில் இல்லை



ஊன்ட்றொப் தேர்த்திருவிழா முடிந்து ஒரு கிழமைக்குள்ளே எங்கட வட்டங்களில் ஒரே கதை ஒவ்வொரு வருசமும் சுத்தும். "அவ என்னோட அரை மணித்தியாலம் நிண்டு கதைச்சவ. சிரிச்சவ. இன்ஸ்ரகிராமும் தந்தவ. இப்ப மெசேஜுக்குப் பதிலே இல்லை. பிறகேன் அப்பிடி நடிச்சவ?"

இந்த 'நடிச்சவ' எண்ட சொல்லுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பிள்ளை நடிக்கவில்லை, மரியாதையாக நடந்திருக்கிறாள். மரியாதையை விருப்பம் எண்டு வாசித்துவிட்டு, வாசிப்பு பிழைத்ததும் பழியை அவளிலே போடுவது எங்களுக்குள்ளே சாதாரணமாகிவிட்டது. முற்போக்குப் பேசுகிற பெடியளும் இதில் விதிவிலக்கு இல்லை.

முதலில் இடத்தைப் பாருங்கள். ஹம் நகரத்தின் கைத்தொழிற்பேட்டைக்குள்ளே, 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில். தேர் அண்டைக்கு ஐரோப்பா முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கில் சனம் வரும். எங்கட அம்மா அப்பா அகதியாக வந்த காலத்தில் ஜேர்மன் அரசு ஆக்களை நாடு முழுக்கப் பிரித்து அனுப்பியது. அப்போது தஞ்சம் கோரியவர்கள் ஒதுக்கின மாவட்டத்தை விட்டு அனுமதி இல்லாமல் வெளியே போக ஏலாமல் இருந்தது. அதனால்தான் எங்களில் கனபேர் வகுப்பில் ஒரேயொரு தமிழ்ப் பிள்ளையாக வளர்ந்தோம். இப்படி வளர்ந்த ஒருத்தருக்குத் திருவிழாவில் தன் வயதுத் தமிழ்ப் பிள்ளை ஒன்று பத்து நிமிடம் சிரித்துக் கதைத்தால், அந்தப் பத்து நிமிடம் பெரிதாகத்தான் தெரியும். ஆசை வருவதில் பிழையில்லை. ஆனால் அருமையாகக் கிடைப்பது எதையும் நாங்கள் அளவுக்கு மீறி வாசிப்போம் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

ஒரு உதாரணத்தை எடுப்போம். தண்ணீர்ப் பந்தலில் மோர் வார்க்கிற தொண்டர் ஒருத்தி, டோட்முண்டில் இருந்து வந்தவள். ஸ்ருற்காட்டில் இருந்து வந்த பெடியன் ஒருத்தன் மோர் வாங்க வருகிறான். "எங்கையிருந்து வாறீங்கள்?" எண்டு கேட்கிறாள். "வெயிலுக்கை நிண்டு களைச்சுப் போனீங்கள் போல" எண்டு இன்னொரு கப் வார்க்கிறாள். அவன் சொன்ன பகிடிக்குச் சிரிக்கிறாள். அவன் தேர்ப் படம் அனுப்பச் சொல்லிக் கேட்க, இன்ஸ்ரகிராம் பெயரைச் சொல்கிறாள். அவனுடைய கணக்கில் இது நாலு சைகை.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'எங்கையிருந்து' எண்டது தமிழர் எல்லாரும் எல்லாரிடமும் கேட்கிற முதல் கேள்வி. அவனுக்கு முன்னால் நின்ற மாமியிடமும் அதைத்தான் கேட்டாள். இரண்டாவது கப் அவளுடைய வேலை. சிரிப்பும் அந்த வேலையின் பகுதிதான். சம்பளத்துக்காகச் சிரிப்பதும் உழைப்பு என்பதை ஆர்லி ஹொக்‌ஷீல்ட் 1983இலேயே விமானப் பணிப்பெண்களை வைத்து எழுதினார். பந்தலில் சம்பளம் இல்லை, ஆனால் அங்கே பெரியம்மாவும் அப்பாவின்ர கூட்டாளிமாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவள் முகத்தை நீட்டினால் "இன்னாரின்ர மகள் திமிர் பிடிச்சது" எண்டு இரவுக்குள் வட்ஸ்அப்பில் போய்விடும். மேசையை விட்டு எழும்பிப் போகவும் ஏலாது. இன்ஸ்ரகிராம் பெயரோ, எங்கட வயதுக்காரர் ஆருக்கும் கொடுக்கிற ஒன்று. தொலைபேசி இலக்கம் கொடுக்காமல் தப்புவதற்கும் அதுதான் வழி.

மொழியும் இப்படித்தான் ஏமாற்றும். ஜேர்மன் மொழியில் மாணவர் எல்லாருமே முதல் நிமிடத்திலேயே ஒருவரையொருவர் 'டு' எண்டு கூப்பிடுவார்கள், அதில் நெருக்கம் எதுவும் இல்லை. அந்தப் பழக்கத்தில் தமிழிலும் 'நீ' எண்டு தொடங்கினால் ஒரு யாழ்ப்பாணத்துக் காதுக்கு அது திடீர் நெருக்கமாகக் கேட்கும். 'அண்ணா' எண்டு கூப்பிட்டால் பெரும்பாலும் அது ஒரு வேலி, அதை மதியுங்கள். ஆனால் 'அண்ணா' சொல்லாததை அழைப்பு எண்டு எடுக்காதையுங்கோ. இங்கே பிறந்த பலருக்கு அந்தச் சொல் வாயில் வராது, அவ்வளவுதான்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 1982இல் அன்ரோனியா அபி என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் ஐந்து நிமிடம் கதைக்க, இன்னொரு ஆணும் பெண்ணும் மறைவில் இருந்து பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் சாதாரண நட்பில் பாலியல் ஈடுபாட்டைக் கண்டவர்கள் கூடுதலாக ஆண்களே. எங்கட ஊருக்குக் கிட்டவான சாட்சியும் உண்டு. பேர்லினில் நடந்த வேகச் சந்திப்புகளின் வீடியோத் துண்டுகளைப் பார்வையாளர்களுக்குக் காட்டி, யாருக்கு யாரில் விருப்பம் எண்டு கேட்டார்கள். 2009இல் வெளிவந்த முடிவு இது: ஆண்களின் விருப்பத்தை ஓரளவு சரியாகக் கண்டுபிடித்தார்கள். பெண்களின் விருப்பத்தைக் கண்டுபிடித்தது, நாணயத்தைச் சுண்டிச் சொல்வதை விட மட்டுமட்டாகக் கூட. சந்திப்பின் தொடக்கத்தை விட நடுவும் கடைசியும்தான் கூடத் தகவல் தந்தன. இதில் பார்வையாளர் ஆணா பெண்ணா என்பது வித்தியாசம் செய்யவில்லை. தொடக்கத்தில் வருகிற சிரிப்பு எல்லாருக்கும் கிடைக்கிற சிரிப்பு எண்டுதான் நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு 'அறிவியல்' சாட்டு வரும். ஹேசல்டனும் பஸ்ஸும் 2000இல் ஒரு கோட்பாடு வைத்தார்கள்: கிடைக்கக்கூடிய துணையைத் தவறவிடுவது ஆணுக்கு அதிக நட்டம், இல்லாத விருப்பத்தை இருக்கு எண்டு நினைப்பது குறைந்த நட்டம், ஆகவே பரிணாமம் ஆண்களைக் கூட்டி வாசிக்கப் பழக்கிவிட்டது. அந்தச் சாய்வு எப்படி வந்தது என்பதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். ஆனால் கணக்குப் புத்தகத்தில் யாருடைய நட்டம் எழுதப்பட்டிருக்கிறது எண்டு பாருங்கள். அவனுக்கு ஒரு வெட்கம். அவளுக்கோ ராத்திரி ஒரு மணி மெசேஜ், கூட்டாளி மூலம் தூது, ஊர்க் கதை, அடுத்த வருசம் பந்தலுக்கு வராமல் விடுவது. பிழையின் செலவை இன்னொருவர் கட்டும்போது 'குறைந்த நட்டம்' எண்டு சொல்வது முதலாளிமார் சொல்கிற கணக்கு. எங்களுக்கு அந்த வாதம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்க வேண்டும்.

அப்போ விருப்பத்தை எப்படித்தான் அறிவது? மூன்று கேள்விகள் போதும். ஒன்று, அவள் உனக்குத் தந்தது மற்ற ஆக்களுக்குத் தந்ததை விடக் கூடவா? கியூவில் நின்று பத்து நிமிடம் பார்த்தாலே தெரியும். இரண்டு, போகக்கூடிய நேரத்தில் அவள் என்ன செய்கிறாள்? அவளுடைய முறை முடிந்து, சினேகிதிகள் கூப்பிட்டும், தானாக உன்னிடம் திரும்பி வந்து கதையைத் தொடர்ந்தால் அதற்குப் பெறுமதி உண்டு. மேசைக்குப் பின்னால் நின்றபோது சிரித்ததற்கு இல்லை. மூன்று, நீ தள்ளுவதை நிறுத்தினால் கதை ஓடுதா? ஒரு நாள் நீயாக மெசேஜ் போடாமல் விடு. அவள் நீ சொன்ன ஒன்றை ஞாபகம் வைத்துக் கேட்டு எழுதினால் அது அவளுடைய முயற்சி. எல்லாக் கேள்வியும் உன்னுடையது, எல்லாப் பதிலும் 'ஓம்', 'ஹாஹா' எண்டால், அது முடிந்துபோன கதை.

சந்திக்கக் கேட்டபோது வருகிற பதிலையும் எங்கட தமிழில் வாசிக்கப் பழகுங்கள். "ஞாயிறு ஏலாது, அடுத்த சனி வரட்டா?" எண்டது ஆர்வம், ஏனெண்டால் அவளே இன்னொரு நாளைத் தருகிறாள். "பாப்பம்" எண்டது பெரும்பாலும் இல்லை எண்டதுதான். நேராக 'இல்லை' சொல்லிப் பழக்காமல் வளர்த்த சமூகத்தில் 'பாப்பம்' பாதுகாப்பான மறுப்பு. அதை இரண்டாந்தரம் கேட்டுச் சோதிக்கக்கூடாது.

இந்த மூன்றும் சேர்ந்தாலும் உறுதி இல்லை. ஆகவே கடைசியில் கேட்கத்தான் வேண்டும். பந்தலில் அவள் வேலை செய்யும்போது வேண்டாம், சொந்தக்காரருக்கு முன்னால் வேண்டாம், மச்சாள் மூலமும் வேண்டாம். அவள் லேசாக விலகிப் போகக்கூடிய நேரத்தில், மறைக்காமல்: "உங்களோட கதைச்சது எனக்குப் பிடிச்சிருந்தது, சும்மா சினேகிதமா இல்லை. ஒருநாள் கோப்பி குடிக்க வர விருப்பமா? விருப்பமில்லாட்டிச் சொல்லுங்கோ, ஒண்டும் மாறாது." சொன்னபடி ஒண்டும் மாறக்கூடாது. ஒரு தரம்தான். எங்கட கூட்டங்களில் ஏற்பாட்டாளராக இருக்கிறவர் புதிதாக வந்த ஆளிடம் இதைக் கேட்கவே கூடாது, ஏனெண்டால் அங்கே 'இல்லை' லேசாக வராது.

"இப்படிக் கணக்குப் பார்த்தால் காதலே செத்துப்போகும்" எண்டு சிலர் சொல்வார்கள். கலைத்துக் கலைத்துப் போய் மனதை மாற்றுவதைக் காதல் எண்டு பழக்கியது எங்கட சினிமா. ஒரு நேர்க் கேள்வியால் செத்துப்போகிற ஒன்று, கேட்பதற்கு முன்பும் இருந்திருக்காது. குயர் தோழர்களுக்கு இது இன்னும் கூர்மை: அந்தச் சனத்துக்குள்ளே ஒரு பிழையான வாசிப்பு ஒருவரை வீட்டுக்குக் காட்டிக்கொடுத்துவிடலாம். அவர்கள் ஏற்கனவே கவனமாகத்தான் வாசிக்கிறார்கள். மற்றவர்கள் அவர்களிடம் பழகலாம்.

அடுத்த திருவிழாவில் எங்கட பெடியளில் ஒருத்தன் "அவ ஏன் நடிச்சவ?" எண்டு தொடங்கினால், தோளில் தட்டி ஆறுதல் சொல்ல முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ அவவிட்டைக் கேட்டனியோ?"