‘எடுத்துக் கொடுத்தார்’ என்பதால் மட்டும் குற்றம் நிரூபணமாவதில்லை

“கைதானவர் அளித்த வாக்குமூலத்தின் பேரில், புதரில் மறைத்து வைக்கப்பட்டிருந்த அரிவாள் மீட்கப்பட்டது.” நாளிதழ்களில் இத்தகைய செய்தி வெளியாகும் நாளிலேயே, வழக்கு முடிந்துவிட்டதாக ஊர் எண்ணத் தொடங்கிவிடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவரே ஒப்புக்கொண்டார், அவரே பொருளை எடுத்தும் கொடுத்தார், இனி விசாரிக்க என்ன இருக்கிறது என்ற கேள்வி எழுகிறது. ஆனால் சட்டம் இவ்விரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

காவல்துறையிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இதைப் பிரிவு 25, 26 ஆகியவற்றில் கூறியது. இவ்விதிக்கு ஒரேயொரு சிறிய வாசலைப் பிரிவு 27 திறந்து வைத்தது. காவலில் இருக்கும் ஒருவர் கூறிய தகவலின் விளைவாக ஓர் உண்மை கண்டறியப்பட்டால், அக்கண்டறிதலோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் சாட்சியமாக வைக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்திலும் இதே விதி பிரிவு 23இன் வரம்புரையாகத் தொடர்கிறது. சட்டத்தின் பெயரும் எண்ணும் மாறினவே தவிர, வாசலின் அளவு மாறவில்லை.

அந்த அளவை வரையறுத்தது, அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூர் பகுதியிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற புலுக்குரி கோட்டய்யா வழக்கு. 1947ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற அத்தீர்ப்பே இன்றும் அடிப்படையாக விளங்குகிறது. அவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரின் வாக்குமூலம், குளக்கரையில் காத்திருந்தது, இருவரை அடித்துக் கொன்றது, தூண்டியவர் யார் என்பது ஆகியவற்றையெல்லாம் விவரித்தது. ஈட்டியையும் தடியையும் இன்னார் வைக்கோற்போரில் ஒளித்து வைத்ததாகவும், வந்தால் காட்டுவதாகவும் அதில் கூறப்பட்டிருந்தது. இந்த இறுதிப் பகுதியைத் தவிர ஏனையவை அனைத்தும் ஏற்கத்தக்கவை அல்ல என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

அதற்குச் சொன்ன காரணம் எளிமையானது. வீட்டுக் கூரையில் செருகிய கத்தியை எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது, கத்தி என்ற பொருள் அங்கே கண்டுபிடிக்கப்படுவதில்லை. அது அந்த இடத்தில் இருந்தது என்பதும், அங்கிருப்பது அவருக்குத் தெரியும் என்பதும்தான் கண்டறியப்படுகின்றன. “அக்கத்தியால் இன்னாரைக் குத்தினேன்” என்ற சொற்களைக் கத்தி கிடைத்தது மெய்ப்பிப்பதில்லை. ஆகவே அச்சொற்கள் வெளியே நிறுத்தப்படுகின்றன. நம் நீதிமன்றங்களில் வாக்குமூலத்தின் ‘ஏற்கத்தக்க பகுதி’ மட்டும் தனி அரசுத் தரப்புச் சான்றாவணமாகக் குறியீடு செய்யப்படுவது இதனால்தான். வாக்குமூலம் முழுவதையும் நீதிபதியின் பார்வைக்கு வைக்க அரசுத் தரப்பு முயன்றால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த இடத்திலேயே ஆட்சேபிக்க வேண்டும்.

அந்தச் சிறு பகுதியையும் எவ்வாறு நிரூபிக்க வேண்டும் என்பதை, ராமானந்த் எதிர் உத்தரப் பிரதேச அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் விரிவாக எடுத்துரைத்தது. மனைவியையும் பெண் குழந்தைகளையும் கொன்றதாக மரண தண்டனை விதிக்கப்பட்டவரின் மேல்முறையீடு அது. அவர் காட்டிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஆயுதமும் இரத்தக்கறை படிந்த உடையும் அரசுத் தரப்பின் முக்கியச் சான்றுகளுள் அடங்கும்.

விசாரணை அதிகாரியின் சாட்சியத்தை நீதிமன்றம் படிப்படியாக ஆராய்ந்தது. காவல் நிலையத்தில் அவர் ஆயுதத்தைக் காட்டுவதாகச் சொன்னார், அவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம், வழியில் இரண்டு சாட்சிகளைச் சேர்த்துக்கொண்டோம் என்பதே அதன் சாரம். இங்கேதான் பிழை இருக்கிறது. அவர் வாய் திறப்பதற்கு முன்பே, தொடர்பற்ற சாட்சிகள் இருவர் காவல் நிலையத்துக்கு வரவழைக்கப்பட்டிருக்க வேண்டும். அவர்கள் முன்னிலையில் அவர் கூறிய சொற்கள், அவர் கூறியவாறே மகஜரின் முதற்பகுதியில் எழுதப்பட வேண்டும். பிறகு அனைவரும் சேர்ந்து சென்று பொருளை எடுப்பது இரண்டாம் பகுதியாக அமைய வேண்டும். வழியில் ஏறிக்கொண்ட சாட்சிக்கு, புதரிலிருந்து ஒரு பொருள் எடுக்கப்பட்டது மட்டுமே தெரியும். யார் சொல்லி அந்தப் புதருக்குப் போனார்கள் என்பது தெரியாது. பிரிவு 27இன் உயிர் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

அதோடு, அவர் உச்சரித்த சொற்கள் எவை என்பதை அதிகாரி சாட்சிக் கூண்டில் சொல்லவில்லை. மகஜரின் உள்ளடக்கமும் முறையாக நிரூபிக்கப்படவில்லை. ஒளித்து வைத்தவர் அவரே என்பதைக் காட்டும் சொல்லும் சாட்சியத்தில் இல்லை. எனவே கண்டறிதல் சான்று கைவிடப்பட்டது. ஏனைய சான்றுகளும் தேறாத நிலையில் அவர் விடுதலை செய்யப்பட்டார்.

இத்தீர்ப்பைப் படித்துவிட்டு, நடைமுறைப் பிழை ஒன்று இருந்தாலே விடுதலை உறுதி என்று முடிவு செய்துவிடக் கூடாது. எதிர்த்திசையிலும் வலுவான தீர்ப்புகள் உள்ளன. 2000ஆம் ஆண்டின் மகாராஷ்டிர அரசு எதிர் சுரேஷ் வழக்கில், இடத்தைக் காட்டியவருக்கு அந்த அறிவு வந்த வழிகளாக மூன்று வாய்ப்புகளை உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது: அவரே ஒளித்திருக்கலாம், பிறர் ஒளித்ததைப் பார்த்திருக்கலாம், பிறர் சொல்லக் கேட்டிருக்கலாம். தமக்கு எவ்வாறு தெரிந்தது என்பதை அவர் விளக்காவிட்டால், அவரே ஒளித்ததாக நீதிமன்றம் ஊகிக்கலாம். பலரும் நடமாடும் திறந்த இடம் என்ற வாதமும் எப்போதும் உதவுவதில்லை. பொருள் கண்ணுக்குத் தெரியும்படி கிடந்ததா, மண்ணுக்கடியிலோ சருகுக்கடியிலோ மறைந்திருந்ததா என்பதே முக்கியம் என்று 1999ஆம் ஆண்டின் ஜீத் சிங் வழக்கு கூறுகிறது.

ஆயுதத்துக்கும் திருட்டுப் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். அரிவாள் கிடைத்தாலும், அது அக்கொலையில் பயன்பட்டது என்பதை மருத்துவ, தடய அறிவியல் சான்றுகள் தனியே நிறுவ வேண்டும். களவுபோன நகை விரைவிலேயே ஒருவரது உடைமையில் கிடைத்து, அதை உரியவர் அடையாளம் காட்டிவிட்டாலோ, அவரைத் திருடர் என்றோ, களவெனத் தெரிந்தே வாங்கியவர் என்றோ நீதிமன்றம் ஊகிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகையால் திருட்டு வழக்குகளில் ‘மீட்பு’ மிகுந்த எடை பெறுகிறது. பொருளை எப்படியாவது மீட்டுக் காட்ட வேண்டும் என்ற அழுத்தமும் அங்கேதான் அதிகம். 1993இல் நகைத் திருட்டு வழக்கில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு உயிரோடு திரும்பவில்லை. பிறவியிலேயே திருடர்கள் என்று குற்றப்பரம்பரைச் சட்டம் முத்திரை குத்திய சமூகங்களின் மீதே இன்றும் முதற்சந்தேகம் விழுகிறது.

அடித்து வாங்கப்பட்ட தகவல் அரசியலமைப்பின் 20(3)ஆம் கூறுக்கு எதிரானது. ஆனால் காவலில் இருந்தார் என்பது மட்டுமே நிர்ப்பந்தம் ஆகாது என்று 1961இல் காத்தி காலு வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு கூறிவிட்டது. நிர்ப்பந்தத்தை ஆவணங்களைக் கொண்டே காட்ட வேண்டியிருக்கிறது. எனவே கைது நேரம், வாக்குமூல நேரம், மகஜர் நேரம், நடுவர் முன் நிறுத்திய நேரம் ஆகிய நான்கையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். குடும்பத்தார் சொல்லும் பிடித்துச் சென்ற நாள் ஆவணத்தில் உள்ள நாளுக்கு முந்தியதாக இருந்தால், அன்றே அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல் பின்னாளில் பெரும் சான்றாகும். முதல் முறை நடுவர் முன் நிறுத்தப்படும்போதே காயங்களைச் சொல்லிப் பதியச் செய்வதும், மருத்துவப் பரிசோதனை கோருவதும் அவசியம். பொருள் இருக்குமிடம் காவல்துறைக்கு முன்பே தெரிந்திருந்தது எனக் காட்ட முடிந்தால், அங்கே கண்டறிதல் என்பதே இல்லை.

புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 105, சோதனையும் பொருள் கைப்பற்றுதலும் ஒலி-ஒளிப்பதிவு செய்யப்பட்டு, தாமதமின்றி நடுவருக்கு அனுப்பப்பட வேண்டும் என்கிறது. அப்பதிவைக் கேட்டு மனு செய்வதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பதிவு புதருக்கு முன்னால்தான் தொடங்குகிறது என்றால், ராமானந்த் வழக்கில் எழுந்த அதே கேள்வியை அங்கும் எழுப்பலாம்: அந்தப் புதருக்குப் போகச் சொன்னது யார், எந்தச் சொற்களில், யார் முன்னிலையில்?