“விழிப்புணர்வு இல்லை” என்பது பிரச்சினை இல்லை

“திகனயில் இனங்களுக்கிடையே புரிந்துணர்வும் சமூக ஊடக விழிப்புணர்வும் இல்லை.” எங்க புரபோசலில் பிரச்சினைக் கூற்று இப்படித்தான் தொடங்கிச்சு. எழுதும்போது நல்லாத்தான் இருந்தது. மறுநாள் வாசிச்சப்போ ஒரு சந்தேகம் வந்தது: திகன என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் இது பொருந்துமே!

அதைவிடப் பெரிய பிழை, “இல்லை” என்ற சொல்லில் இருந்தது. விழிப்புணர்வு இல்லை என்று எழுதினால், தீர்வு விழிப்புணர்வுப் பட்டறை என்று நாமே முதலில் முடிவு செய்துவிட்டோம் என்றுதான் அர்த்தம். தேவையை எழுதாமல், நாங்க செய்ய விரும்பியதையே தலைகீழாக எழுதியிருக்கோம். “புரிந்துணர்வு இல்லை” என்பதில் அநியாயமும் இருக்கு. எரிக்கப்பட்ட கடையின் சொந்தக்காரரும் எரித்தவரும் அதில் ஒரே வரிசையில் நிற்கிறாங்க.

அதனால் மூன்று கேள்விகளை வைத்துத் திருத்தினோம். யாருக்கு? “இளைஞர்கள்” என்பதை வெட்டிவிட்டு, “திகன கடைவீதியில் சிறு கடை நடத்தும் முஸ்லிம் குடும்பங்கள்” என்று எழுதினோம். என்ன தேவை? “ஒரு வதந்தி வாட்ஸ்அப்பில் வந்தால், அது உண்மையா என்று சிங்களத்திலும் தமிழிலும் உடனே கேட்டறிய நம்பகமான ஆள் வேண்டும்.” ஆதாரம்?

இங்கேதான் சிக்கினோம். 2018 மார்ச் 5இல் திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. மறுநாள் அவசரகால நிலை வந்தது, அதன்பின் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு ஃபேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது. எல்லாம் பதிவில் உள்ளவை. ஆனால் இவை அன்று நடந்ததற்கு ஆதாரமே தவிர, இன்றைய தேவைக்கு ஆதாரம் ஆகாது. பழைய காயத்தைக் காட்டிப் புதுக் காசு கேட்பது அந்தக் குடும்பங்களுக்கும் மரியாதை இல்லை.

ஆகவே 2018ஐப் பின்னணியாக ஒரு வரியில் விட்டுட்டு, அடுத்த வரியை இப்படி எழுதி வைத்தோம்: “நாங்கள் பேசிய ___ கடைக்காரரில் ___ பேர், கடந்த ஓராண்டில் ஒரு வதந்தியால் கடையை நேரத்தோடு மூடியதாகச் சொன்னார்கள்.” கேட்பதற்கு முன்பே விடையை எழுதிவிடக்கூடாது என்றுதான் இந்தக் கோடுகள். பிரதேச செயலகத்திடம் இருக்கக்கூடிய விவரங்களுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவங்க முடிவு சொல்லணும். ஆகவே இறுதித் திகதிக்கு முதல் வாரம் ஓடிப்போய் பயனில்லை.

இரண்டாவது கோட்டில் பூச்சியம் வந்தால்? அப்போ எங்க தேவையைத்தான் மாத்தணும், இலக்கத்தை இல்லை. ஒருவேளை கடைக்காரர்கள் கேட்பது வதந்திக்கு ஆள் இல்லை, இன்னும் முழுசாக வராத நட்டஈடாக இருக்கலாம். அதை எங்க பட்டறை தீர்க்காது. அப்படியென்றால் அந்தப் புரபோசலை அனுப்பாமல் இருப்பதுதான் நேர்மை.