தன் குறிப்பிலிருந்து ஒரு முழு வினாத்தாள்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலராசிரியர் கேட்டபோது, பழைய நினைவுகளை எழுதுவதா, இன்றைய மாணாக்கருக்கு உதவும் ஒன்றை எழுதுவதா என்று சிறிது யோசித்தேன். நினைவுகளை எழுத வல்லார் எம்முட் பலர் உளர். ஆதலின், பல ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவன் என்ற முறையில் ஓர் அபிப்பிராயத்தை இங்கே கூறத் துணிகின்றேன். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் விலைக்கு வாங்கும் பத்து மாதிரி வினாத்தாள்களிலும், தன் குறிப்புக் கொப்பியிலிருந்து தானே இயற்றிய ஒரு முழு வினாத்தாள் அவனுக்குக் கூடிய பயன் தரும் என்பதே அவ்வபிப்பிராயம். ஆனால் அத்தாள் உண்மைத் தாளின் புள்ளிப் பங்கீட்டையும் நேர வரையறையையும் அப்படியே கொண்டிருத்தல் வேண்டும். அவ்விரண்டும் இல்லையெனில் அது வீண் வேலை.

உதாரணத்துக்கு இணைந்த கணிதத்தின் முதலாம் வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். தூய கணிதம் பற்றிய இத்தாளுக்கு உரிய நேரம் 3 மணி. அதற்கு முன் வாசிப்புக்கென 10 நிமிடம் தரப்படுகிறது. முதற்பகுதியிற் பத்துக் குறுவினாக்கள் உள. அனைத்துக்கும் விடை எழுதல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. இரண்டாம் பகுதியில் ஏழு நெடுவினாக்கள் உள. அவற்றுள் ஐந்துக்கு மாத்திரம் விடை எழுதல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 150 புள்ளி. ஆகவே 250 உம் 750 உம் சேர்ந்து 1000 புள்ளி. அதற்குள்ள நேரம் 180 நிமிடம். வகுத்துப் பார்த்தால் குறுவினா ஒன்றுக்கு நாலரை நிமிடமும், நெடுவினா ஒன்றுக்கு 27 நிமிடமும் வருகின்றன. நேரம் போதாமல் ஒரு நெடுவினாவை விட்டுவிடும் மாணவன், இரு தாள்களையும் சேர்த்துக் கணிக்கும் இறுதிப் புள்ளியில் ஏழரையை இழக்கின்றான். அதிவிசேட சித்திக்கு 75 வேண்டியிருக்க, 70 உடன் நின்றுவிடும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர்களுட் பலருக்குக் கணிதம் தெரியாமற் போகவில்லை; 27 நிமிடம் எவ்வளவு என்பதே தெரியாமற் போயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மாணவன் வெள்ளவத்தையிலுள்ள என் வீட்டுக்கு வருவதுண்டு. கெட்டிக்காரன், கையெழுத்தும் அழகு. அவன் ஒருநாள் தான் இயற்றிய வினாத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து, “ஐயா, இதில் எனக்கு நூற்றுக்கு 88 வந்தது” என்றான். அதே கிழமையில் அவன் முன்னர் பார்த்திராத ஒரு பழைய பரீட்சைத் தாளைக் கொடுத்துக் கடிகாரத்தை வைத்து எழுதச் செய்தேன். வந்தது 61. இந்த இருபத்தேழு புள்ளி எங்கே போயிற்று என்று இருவரும் இருந்து ஆராய்ந்தோம். அவ்வாராய்ச்சியிற் கண்டவற்றையே கீழே தருகின்றேன்.

முதலாவது குற்றம் பங்கீட்டில் இருந்தது. அவன் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணிற் பட்ட நல்ல கணக்குகளைத் தெரிந்தெடுத்திருந்தான். தொகையீட்டுக்கு அவன் கொப்பியில் அறுபது பக்கம். தாயங்களுக்கு ஐந்து பக்கம். வினாத்தாளும் அதே விகிதத்தில் அமைந்துவிட்டது. பரீட்சகர் அவ்வாறு செய்வதில்லை. அண்மைய ஆண்டுகளின் தாள்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒழுங்கு தெளிவாகத் தெரியும்: 11ஆம் வினா இருபடிச் சமன்பாடும் பல்லுறுப்பியும், 12 வரிசைமாற்றம் சேர்மானமும் தொடரும், 13 தாயங்களும் சிக்கலெண்களும், 14 வகையீடும் வரைபும், 15 தொகையீடு, 16 நேர்கோடும் வட்டமும், 17 திரிகோண கணிதம். ஆகவே கொப்பியைத் திறக்கு முன்னரே ஒரு தாளில் 1 முதல் 17 வரை இலக்கமிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அலகையும் புள்ளியையும் எழுதிவிடல் வேண்டும். பின்னரே கொப்பியைத் திறத்தல் வேண்டும். அப்போதுதான், 13ஆம் இடத்தை நிரப்பத் தன் குறிப்பிற் சரக்கு இல்லை என்பது மாணவனுக்குத் தெரியவரும். ஓர் அலகுக்குப் பல கணக்குகள் இருந்தால் அவற்றுக்கு இலக்கமிட்டுச் சீட்டுக் குலுக்கி எடுப்பது நன்று. விருப்பமான கணக்கைக் கை தானே தேடிப்போவதை அது தடுக்கும்.

இன்னொன்று: அவன் நெடுவினா ஐந்து மாத்திரமே இயற்றியிருந்தான். “ஐந்துக்குத்தானே, ஐயா, விடை எழுத வேண்டும்?” என்று கேட்டான். ஏழில் எந்த இரண்டை விடுவது என்று துணிவதும் பரீட்சையின் ஒரு பகுதியே. வாசிப்புக்குத் தரும் அந்தப் பத்து நிமிடம் பெரிதும் அதற்கே உதவுகின்றது. தெரிவு செய்யாது பழகியவன், மண்டபத்திலே ஒரு வினாவைத் தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம் சென்றபின் வெட்டிவிட்டு வேறொன்றுக்குத் தாவுவான். ஆதலின் ஏழும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது குற்றம் வினாவை இயற்றியதில் இருந்தது. குறிப்பிலுள்ள கணக்கை அப்படியே எழுதினால் விடை நினைவில் வந்துவிடும். ஆகவே எண்களை மாற்றல் வேண்டும். அவனும் மாற்றினான், ஆனால் மாற்றியபின் செய்து பார்க்கவில்லை. அவன் குறிப்பில் இருந்த சார்பு f(x) = x²/(x−1)³. இதனை வகையிட்டால் f′(x) = −x(x+2)/(x−1)⁴ என வரும். x = −2 இல் இழிவும் x = 0 இல் உயர்வும் ஒழுங்காகக் கிடைக்கும். அவன் மேலுள்ள x² ஐ x² + 1 ஆக்கிவிட்டு, “திரும்பற் புள்ளிகளின் ஆள்கூறுகளைக் காண்க” என்று எழுதிவைத்தான். இப்போது மேலே வருவது −(x² + 2x + 3). இது ஒருபோதும் பூச்சியமாகாது. திரும்பற் புள்ளியே இல்லை. இல்லாத புள்ளியைத் தேடி, தன் வகையீட்டிற் பிழை என்று எண்ணி, அவன் ஒரு நெடுவினாவுக்குரிய நேரம் முழுவதையும் கழித்தான். பின்னர் அவ்வினாவைத் தாளிலிருந்து நீக்கிவிட்டே 88 என்று கணக்கிட்டானாம்! எண்ணை மாற்றுவோர் விடையிலிருந்து பின்னோக்கி வருதல் வேண்டும். திரும்பற் புள்ளிகள் எங்கே அமைய வேண்டும் என்று முதலிலே தீர்மானித்து, அதற்கேற்பச் சார்பை அமைத்து, முழு விடையையும் எழுதிப் பார்த்த பின்னரே அது வினா ஆகும். விடையைக் கண்முன் வைத்து வெறுமனே பிரதிசெய்வதற்கே இருபது நிமிடத்துக்கு மேற் செல்லுமாயின், அவ்வினா 27 நிமிடத்துக்கு நீளமானது; ஒரு கூற்றைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது, புள்ளித் திட்டம். இதனை வினாவுடன் சேர்த்தே எழுதிவிடல் வேண்டும். விடை எழுதிய பின்னர் எழுதினால் அது எழுதிய விடைக்குச் சார்பாகவே அமையும். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளித் திட்டங்களில் புள்ளிகள் ஐந்து ஐந்தாகவே பெரும்பாலும் பிரிந்து செல்வதைக் காணலாம். 1·2 + 2·3 + … + n(n+1) = n(n+1)(n+2)/3 என்பதைக் கணிதத் தொகுத்தறிவுக் கோட்பாட்டால் நிறுவும் குறுவினாவைப் பாருங்கள். n = 1 இற்கு உண்மையெனக் காட்டல் 5; n = p இற்கு உண்மையென எடுகோள் கொள்ளல் 5; n = p + 1 இற்கான கூட்டுத்தொகையை அமைத்தல் 5; அதனை (p+1)(p+2)(p+3)/3 எனச் சுருக்கல் 5; கோட்பாட்டைக் குறிப்பிட்டு முடிவுரை எழுதல் 5. எம் மாணவன் இறுதி வசனத்தை “எனவே நிறுவப்பட்டது” என்று முடித்துத் தனக்கு 25 போட்டிருந்தான். அவன் குறிப்பிலும் அவ்வாறே இருந்தது. வகுப்பில் அவசரமாக எழுதிய சுருக்கம் அப்படியே பரீட்சைக்குப் போகவிருந்தது! புள்ளியைப் பிரித்து எழுதியபோதே அந்த ஐந்து எங்கே கிடக்கின்றது என்று கண்டான்.

இனி, எழுதும் முறை. இயற்றிய தாளை உறையில் இட்டு இரண்டு கிழமையாவது மூடிவைத்தல் வேண்டும். குறுவினாக்களுக்கு உண்மைத் தாளிற்போல வினாவின் கீழேயே இடம் விட்டு, நெடுவினாக்களை வேறு தாளில் எழுதல் வேண்டும். மூன்று மணியும் ஒரே இருப்பாக இருத்தல் வேண்டும். கடற்கரைப் புகையிரதம் போனாலும், கோயில் மணி அடித்தாலும் கடிகாரத்தை நிறுத்தலாகாது. ஒவ்வொரு வினாவும் முடிந்த நேரத்தை ஓரத்தில் குறித்துக்கொள்க. அக்குறிப்பு மொத்தப் புள்ளியிலும் பெறுமதியானது. எம் மாணவனுக்குக் குறுவினாக்கள் பத்தும் 45 நிமிடத்துக்குப் பதிலாக 70 நிமிடம் எடுத்தன என்பதும், கடைசி நெடுவினாவுக்கு இரண்டே நிமிடம் எஞ்சியது என்பதும் அதனாலேயே வெளிப்பட்டன.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. தான் இயற்றிய தாள் தன்னை முற்றாகத் திகைக்க வைக்காது. தன் குறிப்பில் உள்ள பிழை தாளிலும் இருக்கும்; புள்ளித் திட்டத்திலும் இருக்கும். ஆகவே இருவர் கூடி, ஒருவர் இயற்றியதை மற்றவர் எழுதித் தாள்களை மாற்றித் திருத்துவது நன்று. கொட்டாஞ்சேனை மாணவன் வெள்ளவத்தையில் இருந்த தன் வகுப்புத் தோழனுடன் அவ்வாறே செய்தான். வட்டத்தின் தொடலி பற்றித் தான் தவறாகக் குறித்து வைத்திருந்த ஒரு சூத்திரத்தைத் தோழன் வாயிலாகவே அறிந்தான். மேலும், ஒவ்வொரு சொந்தத் தாளுக்கும் பின் முன்பு பார்த்திராத ஒரு பழைய பரீட்சைத் தாளை அதே நேரத்தில் எழுதி, இரண்டு புள்ளிகளையும் பக்கத்திற் பக்கம் வைத்தல் வேண்டும். வேறுபாடு ஐந்தாறு புள்ளிக்கு மேற்படின் தன் தாள் இலகுவானது என்று கொள்க. பாடத்திட்டமோ வினாத்தாளின் அமைப்போ மாறும் ஆண்டில் முதலில் அவ்வமைப்பை அறிந்த பின்னரே தாளை இயற்றுக.

இத்தகைய தாள் ஒன்றை இயற்ற ஏறக்குறைய இரண்டு முழு நாள் செல்லும். அந்நேரத்தில் நாலு மாதிரித் தாள் செய்துவிடலாமே என்று பெற்றோர் சிலர் என்னிடம் கூறியதுண்டு. செய்யலாம்தான். ஆயினும் அந்த நாலு தாளில் எதுவும், தாயங்களுக்கு உன் கொப்பியில் ஐந்தே பக்கம் உண்டு என்று சொல்லாது. அம்மாணவனின் மூன்றாம் சொந்தத் தாளில் 74 வந்தது; அதன் பின் எழுதிய பழைய தாளில் 71. புள்ளி 88 இலிருந்து 74 ஆகக் குறைந்ததைக் கண்டு வீட்டார் கவலைப்பட்டனர். நான் கவலைப்படவில்லை. அவனும் கவலைப்படவில்லை.