ஒரு நுழைவு, மூன்று கருவிகள்

சென்ற கோடையில் நாம் சுவிஸிலிருந்து ஒஸ்லோவுக்கு ஒரு கலியாண வீட்டுக்காகச் சென்றிருந்தோம். விடுதியில் நான்கு இரவுகள். எம்முடன் எமது தாயாரும் மகனும் வந்திருந்தனர். கிளிநொச்சியில் இருக்கும் சின்னம்மாவுடன் மாலைதோறும் ரப்லெட்டில் முகம் பார்த்துக் கதைக்காவிட்டால் தாயாருக்கு நித்திரை வராது. மகனோ தனது பல்கலைக்கழகக் கட்டுரையை முதலாம் நாள் நள்ளிரவுக்கு முன் மடிக்கணினியிலிருந்து அனுப்பியாக வேண்டும். எமக்கும் கைத்தொலைபேசி தேவை. விடுதியின் விதியோ ஓர் அறைக்கு ஒரு கருவி மட்டுமே என்பதாக இருந்தது.

இதற்கென்றே சோப்புக்கட்டி அளவில் ஒரு சிறு பெட்டி கடைகளில் கிடைக்கின்றது. பயண ரவுட்டர் என்பார்கள். தொலைபேசிக்கு மின்னேற்றும் யூஎஸ்பி வயரிலேயே அது இயங்கும். விடுதியின் வைஃபையை ஒரு பக்கத்தால் பெற்று, மறு பக்கத்தால் எமக்கென ஒரு தனி வைஃபையைத் தருவதே அதன் வேலை. எத்தனை கருவிகள் அதனுடன் இணைந்தாலும் விடுதியின் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பெட்டி ஒன்று மட்டுமே. நாம் அப்படி ஒன்றைக் கையோடு கொண்டு சென்றிருந்தோம். இருந்தும் முதல் மாலையில் அது எமக்கு உதவவில்லை. ஏன் என்பதை விளக்கினால், அதே தவறை வாசகர்கள் தவிர்த்துக்கொள்ளலாம்.

விடுதிக்குள் நுழைந்தவுடன் எல்லோரும் செய்வதையே நாமும் செய்தோம். கைத்தொலைபேசியை நேரடியாக விடுதியின் வைஃபையில் இணைத்து, திரையில் எழுந்த பக்கத்தில் அறை இலக்கத்தையும் குடும்பப் பெயரையும் எழுதி உள்நுழைந்தோம். அதன் பின்னரே ரவுட்டரை வெளியே எடுத்தோம். அதிலும் அதே பக்கம் எழுந்தது, அதே விபரங்களைக் கொடுத்தோம். அறைக்குரிய கருவிகளின் எண்ணிக்கை நிரம்பிவிட்டது என்ற பதிலே கிடைத்தது.

விடுதி எம்மைப் பெயரைக் கொண்டு நினைவில் வைத்திருப்பதில்லை. வைஃபையில் இணையும் ஒவ்வொரு கருவியும் பன்னிரண்டு எழுத்துகளும் எண்களும் கொண்ட ஓர் அடையாளத்தைக் காட்டுகின்றது. அதனை மக் முகவரி என்பர். நாம் உள்நுழைந்த கணத்தில் எமது அறையின் ஒரே இடம் தொலைபேசியின் மக் முகவரிக்கு எழுதப்பட்டுவிட்டது. பின்னர் வந்த ரவுட்டர் விடுதிக்கு அந்நியன்.

தொலைபேசியின் மக் முகவரியையே ரவுட்டரும் காட்டும்படி செய்யலாம் என்று மகன் சொன்னான். ரவுட்டரின் பக்கத்தில் Clone என்றொரு தெரிவும் இருந்தது. அதை அழுத்தியும் பலனில்லை. மணி பத்தைத் தாண்டிவிட்டது. கட்டுரை மடிக்கணினியிலேயே கிடந்தது. “தம்பி, சின்னம்மா அங்க முழிச்சுக் கொண்டு இருப்பாவே?” என்று தாயார் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

காரணம் பின்னரே புரிந்தது. இக்காலத் தொலைபேசிகள் தம்மைப் பின்தொடர்வோரிடமிருந்து தப்புவதற்காக, ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு மக் முகவரியைத் தாமே புனைந்து காட்டுகின்றன. ஐபோனில் இதன் பெயர் Private Wi-Fi Address. விடுதிக்குக் காட்டிய முகவரி ஒன்று, எமது ரவுட்டருக்குக் காட்டிய முகவரி வேறொன்று. Clone தெரிவு எடுத்துக்கொண்டது இரண்டாவதை. விடுதி அதை அறியாது.

எனவே தொலைபேசியை மீண்டும் விடுதியின் வைஃபையில் இணைத்து, அந்த இணைப்பின் விபரப் பக்கத்தில் காணப்பட்ட முகவரியைக் கடதாசியில் எழுதி, ரவுட்டரில் கையால் பதிந்தோம். உடனே தொலைபேசியிலிருந்து விடுதியின் வைஃபையை மறக்கச் செய்தோம். ஒரே முகவரியுடன் இரு கருவிகள் ஒரே நேரத்தில் நின்றால் இரண்டும் விழுந்து விழுந்து எழும்பும். பதினொன்றே காலுக்கு மகனின் கட்டுரை போய்ச் சேர்ந்தது. சின்னம்மாவுக்கு அங்கே நள்ளிரவு கடந்துவிட்ட நேரம். அவரை மறுநாள்தான் பார்க்க முடிந்தது.

வரிசையை மாற்றியிருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிராது. முதலில் ரவுட்டர், பிறகே மற்றவை. எம்மிடம் இருப்பது ஜீஎல் ஐநெற் என்ற வகை; ஏனையவற்றில் பெயர்கள் சற்று மாறும். ரவுட்டருக்கு மின் கொடுத்து, அதன் அடியில் அச்சிட்டிருக்கும் பெயரையும் சாவிச்சொல்லையும் கொண்டு தொலைபேசியை அதனுடன் இணைக்க வேண்டும். பின்னர் உலாவியில் 192.168.8.1 என்று தட்டினால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். அங்கே Repeater என்ற பகுதியில் விடுதியின் வைஃபையைத் தெரிவு செய்து இணைக்க வேண்டும். சற்று நேரத்தில் விடுதியின் பக்கம் தொலைபேசியிலேயே எழும். அறை இலக்கத்தை அங்கே ஒரே ஒரு தடவை கொடுத்தால் போதும். பிறகு மடிக்கணினியும் ரப்லெட்டும் ரவுட்டரின் வைஃபையில் இணைந்துகொள்ளும். அவற்றிடம் எவரும் எதுவும் கேட்கப் போவதில்லை. ரவுட்டரின் பெயரையும் சாவிச்சொல்லையும் வீட்டில் உள்ளவை போலவே வைத்துவிட்டால், கருவிகள் தாமாகவே இணையும். தாயாரின் ரப்லெட்டுக்கு நாம் அப்படித்தான் செய்து வைத்திருக்கின்றோம்.

சில வேளைகளில் விடுதியின் பக்கம் எழவே எழாது. வைஃபை கோடுகள் நிறைந்திருக்கும், இணையம் மட்டும் இராது. மறைகுறியாக்கம் செய்யப்பட்ட தளங்களை இடைமறித்துத் தன் பக்கத்தைக் காட்ட விடுதியால் முடியாது என்பதே பெரும்பாலும் காரணம். http://neverssl.com என்ற முகவரியைத் தட்டினால் அது மறைகுறியில்லாத தளமாகையால் விடுதியின் பக்கம் வந்து நிற்கும். ரவுட்டரிலோ தொலைபேசியிலோ வீபீஎன் இயங்கினால், உள்நுழையும் வரை அதனை நிறுத்தி வைக்க வேண்டும்.

மறுநாள் நண்பகல், தாயார் சின்னம்மாவுடன் கதைத்துக்கொண்டிருக்கையில் படம் உறைந்தது. மடிக்கணினியும் தொலைபேசியும் அதே நிமிடத்தில் நின்றன. மூன்றும் ஒன்றாக நின்றால் கோளாறு கருவிகளில் இல்லை. விடுதி அளித்த தவணை முடிந்துவிட்டது என்பதே பொருள். ஏதாவது ஒரு கருவியில் மீண்டும் உள்நுழைந்தால் மூன்றும் உயிர்பெறும். ஒன்று மட்டும் நின்றால் அந்தக் கருவியைத்தான் பார்க்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி அதிகம் எதிர்பார்க்கக்கூடாது. விடுதி தரும் ஒரு பங்கையே மூவரும் பிரித்துக்கொள்கின்றோம். ரவுட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் கொடுத்தால் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். விடுதியின் பக்கத்துக்கு 5 கிகாஹேர்ட்ஸையும் எமது பக்கத்துக்கு 2.4 ஐயும் வைத்தபோது, சின்னம்மாவின் முகம் உறையாமல் வந்தது. பெட்டியைக் கட்டிலருகே வைக்காமல் கதவோரம் வைத்ததும் உதவியது.

இதில் மறைவாக எதையும் செய்யவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். காலையில் வரவேற்பு மேசையில் இருந்த பெண்பிள்ளையிடம் பெட்டியைக் காட்டிக் கேட்டோம். ஆட்சேபனை இல்லை என்றார். முதல் மாலையே கேட்டிருந்தால், தொலைபேசியின் பதிவை நீக்கி ரவுட்டருக்கு இடம் தந்திருப்பதாகவும் சொன்னார்! ஆனால் கருவிக்கு இவ்வளவு என்று கட்டணம் அறவிடும் விடுதிகளும், ரவுட்டர்களைத் தடைசெய்யும் விடுதிகளும் உள்ளன. அங்கே கேட்காமல் வைப்பது முறையல்ல.

திரும்பி வரும் வழியில் வேறொரு நகரில் ஓரிரவு தங்கியபோது, ரவுட்டர் இன்னமும் தொலைபேசியின் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருப்பதைக் கண்டோம். விடுதியை விட்டுப் புறப்படும்போது அதனைத் தொழிற்சாலை முகவரிக்கே மாற்றி, பழைய விடுதியின் வைஃபைப் பெயரையும் ரவுட்டரின் நினைவிலிருந்து அழித்துவிட வேண்டும். இப்பொழுது சாமான்கள் கட்டும்போது அந்த வேலை மகனுடையது.