வாங்குபவர் ஒருவர் அல்ல

சோலார் தகடு விற்கும் நிறுவனம் ஒன்று தனது 40 பக்க ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்கச் சொன்னது. படிக்க வேண்டியவர் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) விடுதி நடத்தும் தமிழர். மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஓராண்டு கழிந்தும் பதில் இல்லை.

விசாரித்தபோது காரணம் தெரிந்தது. முதலாளிக்குக் கையேடு பிடித்திருந்தது. ஆனால் ஜெனரேட்டர் ஓட்டும் மெக்கானிக், கணக்கர், வங்கி மேலாளர் என்று மூன்று பேர் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். எங்கள் 40 பக்கத்தில் ஒன்றுக்கும் விடை இல்லை.

மீண்டும் உட்கார்ந்தோம். இம்முறை ஒவ்வொரு கேள்வியும் ஒரு பகுதிக்குத் தலைப்பானது.

மெக்கானிக் கேட்டது: "கரண்ட் போனால் சோலார் ஓடுமா?" சாதாரண இன்வெர்ட்டர் ஓடாது. கம்பத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக அது உடனே நின்றுவிடும். ஜெனரேட்டரோடு சேர்ந்து ஓட வேண்டுமானால் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். இதை மறைத்தால் மழைக்காலத்தின் முதல் மின்வெட்டில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கணக்கருக்கு ஆண்டுச் சராசரி போதவில்லை. 25 கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 100 யூனிட் தரும். ஜெனரேட்டர் லிட்டர் டீசலுக்குச் சுமார் 3 யூனிட் தருவதால் மிச்சம் 33 லிட்டர். ஆனால் ஜெனரேட்டர் ஓடியிருக்கக்கூடிய நேரத்துக்குத்தான் இந்தக் கணக்கு. மற்ற நேரத்துக்கு மின்துறைக் கட்டணத்தால் பெருக்க வேண்டும். கடும் மழை நாளில் உற்பத்தி பாதிக்கும் கீழே போகலாம். இரண்டையும் தனித்தனியே எழுதினோம்.

வங்கி மேலாளரின் சந்தேகம் உப்புக்காற்றும் உதிரி பாகமும். சென்னையிலிருந்து கப்பல் வரச் சுமார் மூன்று நாள். தினமும் கப்பல் கிடையாது. "உடனடி சேவை" என்று எழுதியதை அடித்துவிட்டு, எந்த பாகம் தீவிலேயே இருக்கும், யார் மாட்டுவார் என்று எழுதினோம். உப்புப்புகைச் சோதனைச் சான்றிதழையும் இணைத்தோம்.

முடிவெடுக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால் ஒவ்வொரு விலைக்கும் அது செல்லுபடியாகும் தேதியைப் போட்டோம். முதல் பக்கத்தில், நாங்கள் இல்லாத கூட்டத்தில் முதலாளி வாசித்துக் காட்டும்படி ஒரு சுருக்கம் வைத்தோம்.

கடைசிப் பக்கத்தின் தலைப்பு: "யாருக்கு இது வேண்டாம்?" விருந்தினர் பகலில் கடலுக்குப் போய்விட, ஏசி இரவில்தான் ஓடுகிறது என்றால், பேட்டரி இல்லாத பெரிய அமைப்பு வீண். தெற்கு அந்தமானில் 2020இல் என்.எல்.சி. முடித்த 20 மெகாவாட் நிலையத்தோடு 8 மெகாவாட்-மணி பேட்டரியும் அமைக்கப்பட்டதை அங்கே சுட்டினோம்.

அந்தப் பக்கம்தான் வேலை செய்தது. முதலாளி தன் பகல் நேரச் செலவை அளந்து பார்த்து, 25க்குப் பதில் 10 கிலோவாட்டுக்கு ஆர்டர் கொடுத்தார். விற்பனைப் பிரிவுக்கு வருத்தம்தான். ஆனால் பழைய கையேட்டால் ஒரு வாட் கூட விற்கவில்லையே!