பட்ஜெட் நாளும் பரபரக்கும் கையும்

"செக்லிஸ்ட் எல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு"ன்னு ஆப்ஷன் வாங்குற நண்பர்கள் சிரிக்கிறாங்க. அட போங்கப்பா!

2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டையே எடுத்துக்குங்க. புதிய முறையில 12 லட்சம் வரை வருமான வரி இல்லைன்னு அறிவிச்சும், நிஃப்டி 26 புள்ளி இறங்கி 23,482-ல முடிஞ்சது. அதுக்கு முந்தின நாள், "எல்லாரும் வாங்குறாங்க, நாம விட்டுடுவோமோ"ன்னு ஒருத்தர் 23,500 கால் ஆப்ஷனை 200 ரூபாய்க்கு வாங்கினார்னு வச்சுக்குவோம். லாட் 75, ஆக 15,000 ரூபாய். 6-ந்தேதி எக்ஸ்பைரில நிஃப்டி 23,603. ஏறும்னு சொன்னது பலிச்சது, ஆனா திரும்பி வந்தது 103 ரூபாய்தான். பாதிப் பணம் போச்சு!

வாங்குறதுக்கு முன்னாடி மூணே கேள்விய எழுதி வச்சுப் பதில் சொல்லணும்:

1. அசல் திரும்ப நிஃப்டி எங்க போகணும்? (இங்க 23,700.) அதுக்கு என்கிட்ட காரணம் இருக்கா?
2. பட்ஜெட் பதட்டத்துல பிரீமியம் ஊதியிருக்கு. பேச்சு முடிஞ்சதும் அது வத்தினா தாங்குவேனா?
3. இந்த டிரேடு நேத்தே என் நோட்டுல இருந்துச்சா, இல்ல இன்னிக்கு அடுத்தவன் லாபத்தப் பாத்துப் பொறந்துச்சா?

ஒண்ணுக்கு "இல்லை"ன்னாலும் வாங்கக் கூடாது.

2024 ஜூன் 4 தேர்தல் முடிவன்னிக்கு நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தப்போ, இதே பட்டியல் புட் வாங்கவிடாமத் தடுத்திருக்கலாம். தடுக்கட்டுமே! வாங்காத டிரேடுல கைக்காசு போகாது சாமி.