கேட்டுவிட்டுத் தைக்கலாம்

லண்டனில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கும் ஒரு மாமி, வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்க விரும்புகிறார். "இது என்ன பெரிய கடையா? எதுக்குக் கேக்கணும்?" என்று சிலர் சொல்வார்கள். கேட்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. இங்கே பல வாடகை ஒப்பந்தங்களில், வீட்டில் தொழில் செய்ய வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும் என்று எழுதியிருக்கும்.

எப்படிக் கேட்பது? "யாருக்கும் தொந்தரவு இருக்காது" என்றால் போதாது. வீட்டுக்காரர் எதை நம்பிச் சம்மதிப்பார்? மாமி இப்படி எழுதலாம்: "ஒரு நாளில் மூன்று பேர்தான் வருவார்கள். நேரம் கேட்டு, ஒவ்வொருவராக வருவார்கள். மாலை 7 மணிக்குப் பிறகு மெஷின் ஓடாது."

சத்தத்துக்கும் வழி உண்டு. தையல் மெஷின் ஓடும்போது தரையும் அதிரும். அது கீழ்வீட்டில் கேட்கும். மேசைக் கால்களின் கீழே தடித்த ரப்பர் விரிப்புப் போட்டால் அதிர்வு குறையும். குறைந்ததா என்று கீழ்வீட்டில் நின்று கேட்டுப் பார்க்கலாம்.

"இன்னைக்கு மூணு பேர், நாளைக்கு முப்பது பேர் வந்தா?" என்று வீட்டுக்காரர் பயப்படலாம். அதனால், "முதலில் மூன்று மாதம் பாருங்கள். புகார் வந்தால் நிறுத்திவிடுகிறேன்" என்றும் எழுத வேண்டும்.

தீபாவளி நேரத்தில் நிறையப் பேர் வரக் கேட்பார்கள். அப்போதும் நான்காவது ஆளிடம், "நாளைக்கு வாங்க" என்று மாமி சொல்ல வேண்டும். பணம் குறையும்; ஆனால் அனுமதி நிலைக்கும்.

நீங்கள் வீட்டுக்காரராக இருந்தால் சம்மதிப்பீர்களா?